இரவுக் காவலாளி கதை: குழந்தை எப்படி முந்திக்கொண்டாள்?

தெற்கு வாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரு சிறுகதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கரு இவ்வளவுதான்: ஒரு அடுக்குமாடியின் இரவுக் காவலாளி, வீடு திரும்பும் எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறவர். ஒருநாள் ஒரு குழந்தை அவருக்கு முன்பே சொல்லிவிடுகிறாள். வீட்டில் படித்துக் காட்டினேன். முதல் பாதி சரி, முடிவு மட்டும் ஒட்டவில்லை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் காரணம் பிடிபடவில்லை. கதையை அப்படியே கீழே போடுகிறேன். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

*கேட்*

மடிப்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக்கு 28 வீடுகள், ஒரே கேட். இரவு எட்டு மணிக்கு முருகேசன் வந்து பகல் ஆளிடமிருந்து சாவிக்கொத்தையும் டார்ச்சையும் வாங்கிக்கொள்வார். தூக்குச் சட்டியைக் காவல் அறை ஜன்னலில் வைப்பார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு காலை எட்டு வரை கேட்தான்.

ஊரில் செய்யாறு பக்கம் ஒன்றரை ஏக்கர் மணிலா போட்டுக்கொண்டிருந்தவர். கிணறு வற்றியதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்து ஏழு வருடம் ஆகிறது. வயது அறுபத்தொன்று. மூன்று ஆங்கில வார்த்தைகள் நன்றாகத் தெரியும். குட், ஈவினிங், சார். பெண்களுக்கு மேடம் என்று மாற்றிக்கொள்வார்.

பி-2 சார் பதிலுக்கு ஹாரன் அடிப்பார். ஏ-3 பெண் கேப்பில் வந்து இறங்கும்போது காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கேட்காது. சி-4 டாக்டர் கண்ணாடியை இறக்கி, "தண்ணி மோட்டார் போட்டாச்சா?" என்று கேட்பார். அதுதான் அவரிடமிருந்து வரும் வணக்கம். முருகேசன் எல்லோருக்கும் ஒரே மாதிரி கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "குட் ஈவினிங் சார்" என்பார். பத்து மணிக்கு மேலும் அதே குட் ஈவினிங்தான். குட் நைட் சொன்னால் போகச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை செக்ரட்டரி சொல்லியிருந்தார்.

பி-1க்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண், யாழினி. பாட்டி வீட்டிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் தினமும் பத்தரைக்குத் திரும்பி வரும். பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் வரும்.

அன்றைக்குத் தூங்கவில்லை. ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தது. முருகேசன் கையைத் தூக்குவதற்குள் அது சொல்லிவிட்டது. "குட் நைட், வாட்ச்மேன் தாத்தா!"

முருகேசனின் கை பாதியில் நின்றது. ஏழு வருடங்களில் முதல்முறையாக யாரோ ஒருவர் அவரை மனிதனாகப் பார்த்திருந்தார்கள். கண்கள் குளமாயின. வானத்தைப் பார்த்தார். அன்று நட்சத்திரங்கள் அதிகமாக இருந்தன.

---

கிணற்றடி

கடைசிப் பத்தியை வெட்டிவிடுங்கள். கை பாதியில் நின்றது என்பதோடு கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நீங்கள் வாசகனுக்குச் சொல்லிக்கொடுப்பது. கண் குளமானது, நட்சத்திரம், மனிதனாகப் பார்த்தது, மூன்றையும் எடுத்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

செக்ரட்டரி குட் நைட் வேண்டாம் என்று சொன்ன வரி மிக நன்றாக வந்திருக்கிறது. டாக்டர் கேட்கும் மோட்டாரும் அப்படியே இருக்கட்டும்.

---

மூன்றாம் ஷிப்ட்

நான் ஆறு வருடம் இரவு டூட்டி பார்த்தவன். பிறகு நான்கு வருடம் சூப்பர்வைசராக கேட் கேட்டாகப் போய்க்கொண்டிருந்தேன். கதை எழுதத் தெரியாது, ஆனால் இந்த வேலை தெரியும். கிணற்றடி சொல்வது சரிதான், ஆனால் பத்தியை வெட்டினாலும் கதை நிற்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரச்சினை அதற்கு முந்தின வரியில் இருக்கிறது.

கேட்டில் நிற்பவனை யாராலும் முந்த முடியாது. ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்போதே வெளிச்சம் தெரிந்துவிடும். ஆறு மாதம் ஆனால் சத்தத்தை வைத்தே இது யார் வண்டி என்று சொல்லிவிடுவோம். வண்டி கேட்டுக்கு வருவதற்குள் எழுந்து, கதவைத் தள்ளி, கையைத் தூக்கியிருப்போம். ஏழு வருட ஆள் சும்மா நிற்கும்போது ஒரு குழந்தை முந்திக்கொண்டது என்றால், இரவு வேலை பார்த்த யாரும் அந்த இடத்தில் கதையை மூடிவிடுவார்கள். அவரை முந்த வேண்டும் என்றால் அவர் கண்ணையோ கையையோ வேறு எங்காவது கட்டிப்போட வேண்டும்.

அப்படி ஒரு நேரம் உண்மையிலேயே இருக்கிறது. தண்ணி லாரி வரும் நேரம். கோடையில் சென்னையில் பெரும்பாலும் இரவில்தான் வரும். கேட்டின் இரண்டு கதவையும் முழுதாகத் திறக்க வேண்டும், லாரியைப் பின்னால் வாங்கி நிறுத்த வேண்டும், சம்ப் மூடியைக் கம்பியால் நெம்ப வேண்டும். பிறகு 9,000 லிட்டர் இறங்கும்வரை அங்கேயே குனிந்து டார்ச் அடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாதி லாரியை இறக்கிவிட்டு முழு லாரிக்குக் கையெழுத்து வாங்கிப் போகிற ஆட்களும் உண்டு. பிறகு அசோசியேஷன் நம்மைத்தான் கேட்கும். அந்தக் கால் மணி நேரம் கேட் திறந்து கிடக்கும், முதுகு அதன் பக்கம் இருக்கும். எனக்கு அந்த வேலையிலேயே அதிகம் பயம் தந்த நேரம் அதுதான்.

இன்னொன்று. முருகேசன் பணிவுக்காக மட்டும் வணக்கம் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பணிவு இல்லை என்று சொல்லவில்லை. சல்யூட் அடிக்காவிட்டால் புகார் போகும். ஆனால் எனக்கு அது கணக்கு. பத்து மணிக்கு இன்னும் ஒன்பது வண்டி வர வேண்டும் என்று மனதில் இருக்கும். ஒவ்வொரு குட் ஈவினிங்குக்கும் ஒன்று குறையும். பதில் சொல்லாவிட்டாலும் தலையாவது அசைப்பார்கள், முகம் நம் பக்கம் திரும்பும். முகம் திரும்பாமல் விறுவிறுவென்று போகிறவன் வெளியாள். குரல் குழறினால் குடித்திருக்கிறார், அவர் காரை எங்கே விடுகிறார் என்று ஒரு கண் வைக்க வேண்டும். காருக்குப் பின்னாலேயே ஒட்டி ஒருவன் நடந்து வந்தால், காருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவனுக்கும் தனியாக ஒன்று சொல்வேன். அவன் முழிக்கிற முழியில் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் யாரும் கற்றுத் தரவில்லை. தனியார் காவல் நிறுவனங்களுக்கு 2005இல் சட்டம் வந்தது. அதன் விதிப்படி புதிய ஆளுக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி. நான் சேர்ந்த இடத்தில் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு எல்லா நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளில் அரை மணி நேரம் சல்யூட். மீதியைக் கேட்தான் கற்றுக்கொடுத்தது.

---

ரயில்சிநேகிதி

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். குழந்தைக்கு வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுக்கலாமா, கூடாதா? நான் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒரு சங்கடம் வந்தது.

என் பையனுக்கு அப்போது நாலரை வயது. டியூஷன், விளையாட்டு என்று எங்கே போய் வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அம்மா, நான் வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லுவான். என் மாமியார் பழக்கியது. வாட்ச்மேன் அங்கிளுக்கும் வணக்கம் சொல்லு என்று நான் சொன்னதும், அவன் வணக்கம் சொல்லாமல் கேட்டிலேயே "அங்கிள், நான் வந்துட்டேன்" என்று ஆரம்பித்தான். முதல் நாள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இவனுக்கு சல்யூட் அடித்தார். எனக்கு அப்படியே கூசிப்போய்விட்டது. தாத்தா வயது மனிதர், நாலரை வயதுப் பிள்ளைக்கு எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் ஐயா என்று சொன்னேன். அடுத்த நாளும் எழுந்தார். பிறகு பையனிடம் சொல்ல வேண்டாம் என்று நானே நிறுத்திவிட்டேன். செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?

---

தெற்கு வாசல்

@ரயில்சிநேகிதி, நான் கேட்டது கதையைப் பற்றி, குழந்தை வளர்ப்பைப் பற்றி இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்துவிட்டேன். "நான் வந்துட்டேன்" என்பதை எடுத்துக்கொள்ளலாமா?

@மூன்றாம் ஷிப்ட், மிக்க நன்றி அண்ணா. லாரி வரும் நேரம் என் கண்ணெதிரே தினமும் நடக்கிறது. நான் மாடியிலிருந்து தண்ணீர் வந்ததா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அவரைப் பார்த்ததில்லை.

---

இடது கரை

எனக்கு இந்தக் கதையே உறுத்துகிறது. 61 வயது மனிதர் 12 மணி நேரம் நிற்கிறார். 12 மணி நேர வேலை என்பதே அநியாயம். அதை எழுதாமல், ஒரு குழந்தை குட் நைட் சொன்னதும் அவர் நெகிழ்ந்துவிட்டார் என்றால் யாருக்கு ஆறுதல்? மாடியில் இருப்பவர்களுக்குத்தான். 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தமே வந்துவிட்டது. கேட்டில் நிற்பவருக்கும் அப்படி ஒன்று வேண்டும். அவர் நாற்காலியைப் பற்றி எழுதுங்கள், கழிப்பறையைப் பற்றி எழுதுங்கள்.

---

மூன்றாம் ஷிப்ட்

@இடது கரை, கழிப்பறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நான் பார்த்த கேட்களில் பாதியில் காவலாளிக்கென்று தனி இடம் கிடையாது. டிரைவர்களுக்கு என்று கட்டியதைப் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி செக்ரட்டரி வீட்டில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எப்படிப் போய்க் கேட்பது?

12 மணி நேரம் என்பது தாளில் எட்டு மணி நேரம், மீதி ஓ.டி. என்று இருக்கும். கையில் வருகிற பணத்தில் அந்த ஓ.டி. தெரியாது. ஆகவே கதையில் எட்டிலிருந்து எட்டு என்று வருவது நடக்கிறதுதான், தப்பில்லை. நாற்காலியைப் பற்றிச் சொன்னது கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் வந்தது. குடியிருப்பு கேட்டுக்கு யாரும் அதைக் காட்டி நான் பார்த்ததில்லை. நாற்காலி எல்லா இடத்திலும் இருக்கும். கார் வரும்போது அதில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ரயில்சிநேகிதி அம்மா வீட்டு வாட்ச்மேன் பையனுக்கு எழுந்து நின்றதும் அதனால்தான். சிறியவர், பெரியவர் என்று பார்த்து எழுவதில்லை. கேட்டுக்குள் யார் வந்தாலும் கால் தானாக எழும்பிவிடும். அவரிடம் கூச்சப்பட வேண்டியதில்லை அம்மா.

---

பழைய பேனா

நிதானமாகப் படித்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதற்கு நம்மிடம் இரண்டு முறை இருக்கிறது. வயதில் சிறியவர் பெரியவருக்குச் சொல்ல வேண்டும். நிலையில் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் மோதும்போது எப்போதும் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. 61 வயது முருகேசன் முப்பது வயது பி-2 சாருக்கு முதலில் கை தூக்குகிறார், இருவருக்குமே அது விசித்திரமாகத் தெரிவதில்லை. குழந்தை புரட்சி எதுவும் செய்யவில்லை. அவளுக்கு முதல் முறை மட்டும்தான் தெரியும். தாத்தா என்றால் நாம்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் முதல் வரைவு அவள் அவரை "மனிதனாகப் பார்த்தாள்" என்கிறது. அவள் அவரைத் தாத்தாவாகப் பார்த்தாள். முன்னது நம் எல்லோருடைய நல்லெண்ணம். பின்னதுதான் ஐந்து வயதுப் பிள்ளையின் கண்.

இரண்டாவது, பதில். ஏழு வருடமாக இந்த மனிதர் முதல் வரியை மட்டுமே பேசியிருக்கிறார். யாரும் அவரிடம் முதல் வரியைச் சொன்னதில்லை, ஆகவே இரண்டாவது வரி அவர் வாயில் இல்லை. குழந்தை சொன்ன அடுத்த நொடியில் கதையின் முழு எடையும் அங்கே வந்து உட்கார்கிறது: இப்போது இவர் என்ன சொல்வார்? நீங்கள் அந்த நொடியில் அவரை வானத்தைப் பார்க்க வைத்துவிட்டீர்கள். கதாபாத்திரம் தப்பித்துக்கொண்டது. கிணற்றடி சொன்னபடி வெட்டினாலும் தப்பித்ததாகத்தான் இருக்கும், கொஞ்சம் அழகாகத் தப்பித்திருப்பார். முடிவு ஒட்டாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ரயில்சிநேகிதி தெரியாமலே சாவியைக் கொடுத்துவிட்டார். குட் நைட்டுக்குப் பதில் குட் நைட், அது எங்கேயும் போகாது. ஆனால் "வந்துட்டேன்" என்பது வீட்டுக்குள் சொல்கிற சொல். அதற்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான் உண்டு. "வா." வாசலில் இருப்பவர் உள்ளே வருபவருக்குச் சொல்வது. வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய சொல். அதை முருகேசன் சொல்வாரா, சொல்லலாமா, அந்தச் சொல் அவருடையதா என்பதுதான் இனிமேல் உங்கள் கதை. மூன்றாம் ஷிப்ட் சொன்ன கணக்கோடும் இது சேர்கிறது. திறந்து கிடக்கிற கேட்டில், யார் உள்ளே போனார்கள் என்று தெரியாமல் தவிக்கிறவருக்கு, "நாங்க வந்துட்டோம்" என்பது வணக்கத்தை விடப் பெரிய உதவி.

சின்ன வயதில் எங்கள் தெருவில் கூர்க்கா ஒருவர் இரவில் விசில் ஊதிக்கொண்டு தடியைத் தரையில் தட்டிப் போவார். மாதம் பிறந்தால் வீடு வீடாக வந்து காசு வாங்கிக்கொள்வார். அவர் யாருக்கும் வணக்கம் சொல்லிப் பார்த்த நினைவில்லை. தட்டும் சத்தம் கேட்டால் அம்மா புரண்டு படுப்பாள். அதுவே அவருக்கு நாங்கள் சொன்ன பதிலாக இருந்திருக்குமோ என்று இதைப் படித்தபோது தோன்றியது.

---

தெற்கு வாசல்

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முன்பகுதியில் அதிகம் மாற்றவில்லை. "மூன்று ஆங்கில வார்த்தைகள்" பத்திக்குப் பிறகு, ஒவ்வொரு வணக்கத்துக்கும் மனதில் ஒரு வண்டி குறைவதாக இரண்டு வரி சேர்த்தேன். செக்ரட்டரியின் குட் நைட் வரி அப்படியே இருக்கிறது. அன்றைய இரவிலிருந்து புதிதாக எழுதியது இது:

பத்தரைக்குத் தண்ணி லாரி வந்தது. முருகேசன் கேட்டின் இரண்டு கதவையும் சுவரோரம்வரை தள்ளினார். லாரி பின்பக்கமாக உள்ளே வர, "வா, வா, வா, போதும்" என்று பக்கவாட்டில் தட்டினார். சம்ப் மூடியைக் கம்பியால் நெம்பி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கிளீனர் பையன் ஹோஸை உள்ளே விட்டான். தண்ணீர் இரைந்து விழுந்தது.

டார்ச்சை உள்ளே அடித்துக் குனிந்து நின்றார். போன மாதம் பாதி லாரிக்கு முழுக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகக் கூட்டத்தில் கேட்டிருந்தார்கள்.

இன்னும் மூன்று வண்டி வர வேண்டும். சி-4 கார். ஏ-3 பெண்ணின் கேப். பி-1 ஸ்கூட்டர். முதுகுக்குப் பின்னால் கேட் திறந்து கிடந்தது. இரைச்சலில் தெருச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. யாரோ கடந்து போன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். லாரிதான் மறைத்துக்கொண்டு நின்றது. மூடியை விட முடியாது. கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் கேட்டின் ஒரு தூண் மட்டும்தான் தெரிந்தது.

"தாத்தா, நாங்க வந்துட்டோம்."

லாரிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அப்பாவுக்கு முன்னால் நின்றபடி, குழந்தை கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

அவர் கை நெற்றிக்குப் போயிற்று. கையில் டார்ச் இருந்தது. வெளிச்சம் குழந்தையின் முகத்தில் அடித்து, அது கண்ணை இறுக மூடிக்கொண்டது. சட்டென்று கையைக் கீழே இறக்கினார்.

"வா," என்றார். அப்புறம், "வாங்க சார்."

ஸ்கூட்டர் பார்க்கிங் பக்கம் திரும்பியது. கிளீனர் பையன் ஹோஸை உதறினான். இன்னும் இரண்டு வண்டி வர வேண்டும்.

---

கிணற்றடி

முதலில் வெட்டினால் போதும் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டார்ச் வெளிச்சம் குழந்தை முகத்தில் விழுகிற இடத்தில் எனக்கு நெஞ்சு பதறியது. அவருடைய சல்யூட்டே குழந்தையின் கண்ணைக் கூச வைக்கிறது.

ஒரே சந்தேகம். லாரிக்கு "வா, வா" என்று சொன்ன அதே வாயால் குழந்தைக்கும் "வா" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கதையே இருக்கிறது. அதை லாரிக்கு முன்கூட்டியே செலவழித்துவிட்டீர்களே? லாரிக்கு "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று மாற்றலாம்.

---

பழைய பேனா

எனக்கு அது அப்படியே இருக்க வேண்டும் போலிருக்கிறது. யோசித்துக் கண்டுபிடித்த சொல்லாக இல்லாமல், வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லாக வெளியே வருகிறது. லாரியை உள்ளே கூப்பிடுகிற அதிகாரம் அவருக்கு எப்போதுமே இருந்தது, மனிதர்களிடம்தான் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் கிணற்றடி சொல்வதும் தள்ளிவிடக் கூடியது இல்லை. வேகமாகப் படிப்பவர்களுக்கு அந்த "வா" கவனத்தில் படாமலே போகலாம்.

"வாங்க சார்" இன்னும் முக்கியம் என்று படுகிறது. குழந்தைக்கு வயது முறை, அப்பாவுக்கு நிலை முறை. ஆனால் "குட் ஈவினிங் சார்" போய் "வாங்க சார்" வந்திருக்கிறது. அப்பா அதைக் கவனித்தாரா என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லாதீர்கள்.

---

இடது கரை

முந்தையதை விட மிக நல்லது. அந்தப் பாதி லாரிக் கையெழுத்து வரியில் நான் கேட்டதில் கொஞ்சம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் காலை எட்டு மணிவரை நிற்கப் போகிறார் என்பது எனக்கு ஆறவில்லை. அது கதையின் குறை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

---

மூன்றாம் ஷிப்ட்

தம்பி, வேலை சரியாக வந்திருக்கிறது. இரண்டு சின்னத் திருத்தம். சம்ப் மூடி இரும்பு என்றால் ஒரு கையால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்க முடியாது, முழுதாகத் தள்ளித் தரையில் போட்டுவிடுவோம். மூடியைப் பிடித்திருப்பதால் திரும்ப முடியவில்லை என்பது வேண்டாம். திறந்த குழிக்குப் பக்கத்தில் குழந்தைகள் யாராவது வந்துவிடுவார்கள் என்பதற்காகவே அங்கிருந்து நகர மாட்டோம். அதுவே போதுமான காரணம், உங்கள் கதைக்கும் பொருந்தும்.

அப்புறம், லாரி போனதும் அவர் முதலில் செய்வது கேட்டைச் சாத்துவது. அதற்குப் பிறகு பார்க்கிங்கில் ஒரு சுற்று வருவார், அந்தக் கால் மணி நேரத்தில் வேறு யாராவது நுழைந்தார்களா என்று. பி-1 ஸ்கூட்டரின் எஞ்சின் மேல் கை வைத்தால் சூடாக இருக்கும். நான் எப்போதும் அப்படிக் கை வைத்துத்தான் கணக்கைச் சரிபார்ப்பேன். அன்றைக்கு அவர் வைத்துப் பார்ப்பாரா, மாட்டாரா?

---

தெற்கு வாசல்

அண்ணா, மூடியை மாற்றிவிட்டேன். ஸ்கூட்டர் விஷயம் தெரியவில்லை. குழந்தையே சொல்லிவிட்டதால் கை வைக்காமல் தாண்டிப் போவார் என்று ஒரு மனம் சொல்கிறது. பழக்கம் விடாது, வைத்துத்தான் பார்ப்பார் என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். இப்போதைக்கு "இன்னும் இரண்டு வண்டி" என்பதிலேயே நிற்கட்டும்.

---

ரயில்சிநேகிதி

நேற்று பையனோடு கேட்டில் நுழையும்போது, இப்போது ஏழு வயது அவனுக்கு, சொல்லு என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு என் பின்னால் ஒளிந்துகொண்டான். ஆகவே நானே சொன்னேன், "ஐயா, வந்துட்டோம்." அவர் எழுந்து நின்றார். "லிஃப்ட் ரிப்பேர் மேடம், படியில போங்க" என்றார்.